இணையத்தில் விவாதம் சூடாக இருக்கும்போது முன்பின் தெரியாதவரிடம் ஆதாரம் கேட்பது: அடிக்கடி வரும் கேள்விகள்

“ஆதாரம் இருக்கா?” என்று இரண்டே வார்த்தைதான் கேட்டேன். அதற்கு ஏன் இத்தனை கோபம்?

அந்த இரண்டு வார்த்தையில் இருப்பது ‘இருக்கா’ என்கிற கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள். பேச்சு சூடாக இருக்கும் இடத்தில் அப்படிக் கேட்டால், “உன்னிடம் இல்லை என்று எனக்குத் தெரியும், உன் வாயாலேயே சொல்” என்றுதான் எதிரில் இருப்பவர் காதில் விழும். ‘ஆதாரம்’ என்ற சொல்லுக்கே ஒரு நீதிமன்ற வாடை உண்டு. கூண்டில் நிறுத்தியது போல அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

இன்னொன்று, அவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. உங்களுக்கு முன்னால் மூன்று பேர் அவரைக் கிண்டல் செய்திருப்பார்கள். நான்காவதாக வருகிற நீங்களும் அதே கூட்டம் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் சாதாரணமான குரலில்தான் கேட்டீர்கள், ஆனால் அந்தக் குரல் உங்கள் தலைக்குள் மட்டுமே கேட்டது.

இதை ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் அளந்தே காட்டினார்கள். சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கேலியாகவும் சொல்லி இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். படிப்பவர் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பியவர்கள், சுமார் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். உண்மையில் சரியாகப் புரிந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைத்துவிடும்! அதையே குரலில் சொன்னபோது 73 சதவீதம் வரை சரியாகப் புரிந்தது. எழுத்தில் தொனி போய்ச் சேருவதில்லை, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டதாக எழுதியவர் நம்பிவிடுகிறார்.

அப்படியானால் எப்படித்தான் கேட்பது? ஒரு நிஜ உதாரணம் காட்டுங்கள்.

பிள்ளைகள் கையில் போன் கொடுக்கலாமா என்று ஒரு சண்டை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இப்படி எழுதுகிறார்: “மனுஷனோட கவனம் இப்போ 8 செகண்ட்தான். தங்கமீனுக்கே 9 செகண்ட். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியே சொல்லுது. இன்னும் போனைக் கொடுத்துக் கெடுங்க! பெத்தவங்களுக்கே பொறுப்பு இல்லை.”

இதில் ஐந்து வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றில் மூலம் கேட்கக்கூடியவை 8, 9 என்ற எண்களும் மைக்ரோசாஃப்ட் என்ற பெயரும் வரும் பகுதி மட்டுமே. கடைசி இரண்டும் கோபமும் கருத்தும். அவற்றுக்கு ஆதாரம் கேட்டால் சண்டைதான் வளரும். பொதுவாக “நீங்க சொல்றதுக்கெல்லாம் ஆதாரம் என்ன?” என்று கேட்பவர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். எதற்கு ஆதாரம் என்றே தெளிவாக இல்லாததால், தன் கட்சியையே தாக்குவதாக அவர் நினைத்துக்கொள்கிறார்.

நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

“8 செகண்ட், தங்கமீன் 9 செகண்ட்னு சொன்னீங்களே, அந்தக் கணக்கை எங்கே பார்த்தீங்க? நானும் தேடினேன். செய்திகள்தான் நிறைய வருது, எல்லாத்துலயும் மைக்ரோசாஃப்ட் பேர் இருக்கு, மூல அறிக்கை கிடைக்கலை. உங்ககிட்ட லிங்க் இருந்தா போடுங்க. அந்த 8 செகண்டை எப்படி அளந்தாங்கன்னு பார்க்கணும்.”

முதல் வேலை, எந்த எண் என்று அவர் சொற்களிலேயே சுட்டியது. மீதிப் பேச்சை நான் தொடவில்லை என்பது இதிலேயே அவருக்குப் புரிந்துவிடும். அடுத்தது, ‘இருக்கா’ போய் ‘எங்கே’ வந்தது. எங்கே பார்த்தீங்க என்று கேட்கும்போது, அவர் எங்கேயோ பார்த்துத்தான் சொல்கிறார், கையிலிருந்து அடித்துவிடவில்லை என்று நான் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். அவருக்கும் பதில் சொல்வது எளிது. “ஏதோ செய்தியில்தான் பார்த்தேன்” என்றுகூடச் சொல்லலாம், அதில் மானக்கேடு எதுவும் இல்லை. ‘இருக்கா’ என்ற கேள்விக்கு அதே மனிதர் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கும். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

‘இருந்தா போடுங்க’ என்பதும் அப்படித்தான். இல்லாவிட்டால் போட வேண்டாம் என்ற அர்த்தம் அதற்குள்ளேயே இருக்கிறது. “லிங்க் போடுங்க” என்று மட்டும் எழுதியிருந்தால் அது கட்டளை.

கடைசி வாக்கியம், எதற்காகக் கேட்கிறேன் என்ற காரணம். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். காரணம் சொல்லாவிட்டால் அவரே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார், அது நிச்சயம் நல்ல காரணமாக இருக்காது. ஆனால் ‘சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்’ என்று எழுதாதீர்கள். அது வம்புக்கு வருபவர்களின் வழக்கமான முதல் வரி ஆகிவிட்டது. என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று குறிப்பாகச் சொன்னால்தான் நம்புவார்கள்.

நான் ஏன் தேட வேண்டும்? சொன்னவர்தானே ஆதாரம் தர வேண்டும்?

நியாயப்படி அவர்தான் தர வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நியாயம் உங்கள் பக்கம் இருப்பதால் மட்டும் லிங்க் வந்துவிடாது.

இரண்டு நிமிடம் தேடுவதில் உங்களுக்கே மூன்று லாபம் உண்டு. மூலம் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால், என்ன தேடினேன், எதுவரை போனேன் என்று கேள்வியோடு சேர்த்து எழுதலாம். சோம்பேறித்தனமாகவோ வம்புக்கோ கேட்கவில்லை என்பதை அதைவிடச் சுருக்கமாகக் காட்ட வழியில்லை. மூன்றாவது, ஊரறிந்த விஷயத்துக்கு ஆதாரம் கேட்டு அசிங்கப்படாமல் தப்பிக்கலாம். நான் ஒருமுறை அப்படி மாட்டியிருக்கிறேன். தேடுபொறியின் முதல் வரியிலேயே இருந்த ஒன்றுக்கு “சோர்ஸ்?” என்று ஒற்றைச் சொல் போட்டுவிட்டு, அடுத்த இரண்டு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு நிமிடம் என்றுதான் சொன்னேன். ஒரு மணி நேரம் தேடிவிட்டு வந்தால் உங்களுக்கே எரிச்சல் ஏறியிருக்கும், அது எழுத்தில் தெரியும்.

“நண்பரே”, “ஐயா” என்று சேர்த்துக்கொண்டால் மரியாதையாக இருக்காதா?

நேரில் இருக்கும். சூடான விவாதத்தில் எழுத்தில் வரும்போது பெரும்பாலும் நேரெதிர்தான். “ஆதாரம் தர முடியுமா நண்பரே?” என்று படித்துப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற முகம் தெரிகிறதா? முன்பின் தெரியாதவரைச் சண்டைக்கு நடுவில் ‘நண்பரே’ என்று அழைப்பவர் அடுத்த வரியில் குத்தப் போகிறார் என்று படிப்பவர்களுக்குப் பழகிவிட்டது. ‘ஐயா’, ‘அறிஞரே’, ‘மேதகு’ எல்லாம் இதே வரிசைதான். ‘தங்கள் மேலான’ என்று தொடங்கினால் முடிந்தது கதை.

மரியாதைக்கு ‘நீங்க’, ‘சொன்னீங்க’ என்பதில் வரும் ‘ங்க’ ஒன்றே போதும். அழைப்புச் சொல் வேண்டாம், பெயரைச் சொல்லி விளிக்கவும் வேண்டாம். அவர் எந்த நடையில் எழுதுகிறாரோ அதே நடையில் எழுதுங்கள். அவர் பேச்சு வழக்கில் எழுதும்போது நீங்கள் மட்டும் “தாங்கள் குறிப்பிட்ட தரவின் மூலத்தைப் பகிர இயலுமா” என்று போனால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். ‘அப்படியா?’ என்று தொடங்குவதையும் தவிர்க்கலாம். குரலில் அது வியப்பு, எழுத்தில் நக்கல். மூன்று புள்ளி வைத்து வாக்கியத்தை இழுப்பதும் அப்படியே.

அவர் சொல்வது தப்பு என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது போலக் கேட்கலாமா?

வேண்டாம். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். “இந்த எண் தவறு, நான் பார்த்த அறிக்கை இது, இந்தப் பக்கத்தைப் பாருங்க” என்று எழுதுவது நேர்மையான எதிர்ப்பு. அவர் கோபப்பட்டாலும் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார். அப்பாவி போலக் கேட்டு, அவர் ஒன்றைத் தந்ததும் தயாராக வைத்திருந்ததை எடுத்து வீசுவது பொறி. ஒருவரை ஒருமுறைதான் அப்படிப் பிடிக்கலாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் யார் ஆதாரம் கேட்டாலும் பொறி என்றே நினைப்பார்கள்.

இந்த வித்தைக்கு ஒரு பெயரே உண்டு. டேவிட் மால்கி என்பவர் 2014-ல் வரைந்த ஒரு சித்திரக்கதையில், இருவர் பேசிக்கொண்டு போகும்போது ஒருவர் கடல் சிங்கங்களைத் தனக்குப் பிடிக்காது என்கிறார். உடனே ஒரு கடல் சிங்கம் வந்து, மிகப் பணிவாக, அதற்கு என்ன காரணம், என்ன சான்று என்று கேட்கத் தொடங்குகிறது. வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது, படுக்கையறையிலும் விடுவதில்லை. அதிலிருந்து ‘சீ லயனிங்’ என்றே ஒரு வினைச்சொல் பிறந்தது. அந்தக் கடல் சிங்கம் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பதை கவனியுங்கள். பணிவு மட்டும் போதாது. எத்தனை முறை கேட்கிறோம், கிடைத்த பதிலை என்ன செய்கிறோம் என்பதையும் வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள்.

“கூகுள் பண்ணிப் பாரு” என்று திருப்பி அடித்துவிட்டார். இப்போது என்ன?

ஏற்கெனவே தேடியதை எழுதியிருந்தால் இந்தப் பதில் பெரும்பாலும் வராது. அப்படியும் வந்தால் ஒரே ஒரு வரி: “பார்த்தேங்க, செய்திகள் வரைக்கும்தான் கிடைச்சது. என்ன போட்டுத் தேடினா மூலம் வரும்னு தெரிஞ்சா சொல்லுங்க.” அவர் ‘பாரு’ என்று ஒருமைக்கு இறங்கினாலும் நீங்கள் இறங்காதீர்கள். அதைச் சுட்டிக்காட்டவும் வேண்டாம். மரியாதை பற்றிய சண்டை தொடங்கிவிட்டால் எண் போன இடம் தெரியாது.

“சொல்ல முடியலையா, அப்போ பொய்தானே” என்று எழுதத்தான் கை பரபரக்கும். ஆனால் ஆதாரம் தராததால் ஒரு செய்தி பொய்யாகிவிடுவதில்லை, அது இன்னும் சரிபார்க்கப்படாத நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நாற்பது நிமிட வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு “எல்லாம் இதுல இருக்கு” என்கிறார்.

இதற்கு நன்றி சொல்லிவிட்டு, இடம் கேளுங்கள். “நன்றி, பார்க்கிறேன். அந்த 8 செகண்ட் எத்தனையாவது நிமிஷத்துல வருதுன்னு நினைவிருந்தா சொல்லுங்க.” நீண்ட அறிக்கை என்றால் பக்க எண். நியாயமான கேள்விதான், உண்மையில் பார்த்தவர் ஓரளவுக்குச் சொல்லிவிடுவார். “முன்பாதியில் எங்கேயோ” என்றாலும் போதும்.

அவர் சொல்லாவிட்டால் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வீடியோவுக்கு எழுத்து வடிவம் இருந்தால் அதில் எண்ணைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் பார்க்காமலேயே “பார்த்தேன், அதில் இல்லை” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். யாராவது ஒருவர் நிமிடம், நொடியோடு வந்து நிற்பார்.

ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்கிறார். அதற்கும் மூலம் கேட்கலாமா?

“போன் கொடுத்ததிலிருந்து என் பிள்ளை புத்தகத்தையே தொடுவதில்லை” என்பதற்கு ஆதாரம் கேட்டால் அவரைப் பொய்யர் என்றே சொன்ன மாதிரி. கேட்காதீர்கள். அதே அனுபவத்தை வைத்து அவர் “அதனால எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தான்” என்று போகும்போது, அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி மட்டும் கேட்கலாம். “உங்க வீட்டுல நடந்ததைச் சொன்னீங்க, புரியுது. எல்லாப் பிள்ளைகளும்னு சொன்னதை எங்கேயாவது படிச்சீங்களா?” என்று இரண்டையும் பிரித்துக் காட்டினால் அவருக்கும் சங்கடம் இல்லை.

பொதுவில் கேட்காமல் தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டால்?

தெரிந்தவர் என்றால் நல்ல வழி. தெரியாதவர் என்றால், சண்டை நடந்துகொண்டிருக்கும்போது தனிச்செய்தி வந்தாலே மிரட்டல் என்று பயப்படுவார்கள். அவர் முன்பே உங்களோடு இதமாகப் பேசியிருந்தால் தவிர வேண்டாம்.

பதிலே இல்லை. மறுபடி கேட்கலாமா?

ஒரே கேள்வியை ஒருவரிடம் ஒருமுறைதான். இதில் நான் கொஞ்சம் கறார். முதல் முறை அது கேள்வி, இரண்டாம் முறை நினைவூட்டல், மூன்றாம் முறை துரத்தல். அவர் பார்க்கவே இல்லையோ என்று நிஜமாகவே தோன்றினால் (நூறு பதில்களுக்கு நடுவில் அது நடக்கும்) ஒருநாள் கழித்து ஒரு தடவை கேட்கலாம். அதுவும் ‘பதில் வரவில்லையே’ என்ற குத்தல் இல்லாமல்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்டது அங்கேயே எழுத்தில் இருக்கிறது. வாயைத் திறக்காமல் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் எந்தச் சண்டையிலும் அதிகம். அந்த 8 செகண்டுக்கு மூலம் கேட்கப்பட்டது, வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சில சமயம் மூன்றாவது ஆள் ஒருவர் லிங்கோடு வருவார். எனக்குக் கிடைத்த நல்ல மூலங்களில் பல அப்படி வந்தவைதான்.

மூலத்தைத் தந்துவிட்டார். ஆனால் அவர் சொன்னதை அது முழுசாகச் சொல்லவில்லை. முகம் சுளிக்காமல் எப்படிச் சொல்வது?

கேட்பதைவிடக் கஷ்டமான கட்டம் இதுதான். தங்கமீனுக்கே திரும்புவோம். அவர் லிங்க் போட்டுவிட்டார். மைக்ரோசாஃப்டின் கனடா பிரிவு 2015-ல் வெளியிட்ட அறிக்கை அது. திறந்து பார்த்தால் 8 செகண்டும் இருக்கிறது, தங்கமீனின் 9 செகண்டும் இருக்கிறது, மனிதரின் கவனம் 2000-ல் 12 செகண்டாக இருந்தது என்றும் இருக்கிறது. ஆக, அவர் அடித்துவிடவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், அதுவும் வாயார.

அடுத்து, அந்த எண் அறிக்கைக்குள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கனடாவில் சுமார் 2,000 பேரிடம் கருத்துக் கேட்டது, வேறு சோதனைகளும் செய்தது. ஆனால் 8 செகண்ட் அவற்றிலிருந்து வந்ததல்ல. ‘ஸ்டாடிஸ்டிக் பிரெயின்’ என்ற இணையதளத்திலிருந்து எடுத்ததாக அறிக்கையே குறிப்பிடுகிறது. அந்தத் தளமோ அமெரிக்க உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையத்தையும் ஒரு செய்தி நிறுவனத்தையும் கைகாட்டியது. 2017-ல் பிபிசி அந்த இரண்டு இடத்திலும் விசாரித்தபோது, அப்படி ஓர் ஆய்வு இருந்த பதிவு எதையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கமீனுக்குக் கவனமோ ஞாபகமோ குறைவு என்பதற்கும் அடிப்படை இல்லை என்று மீன்களை ஆராய்பவர்கள் சொன்னார்கள்.

இவ்வளவு கையில் கிடைத்ததும் மொத்தத்தையும் கொட்டத் தோன்றும். வேண்டாம். முதலில் அவருக்குச் சேர வேண்டியது, அப்புறம் சங்கிலி எங்கே அறுகிறது என்ற ஒரே புள்ளி:

“நன்றிங்க, இதைத்தான் தேடிட்டு இருந்தேன். நீங்க சொன்ன எண் அப்படியே இருக்கு. ஆனா அதை மைக்ரோசாஃப்ட் அளக்கலை போல, ‘ஸ்டாடிஸ்டிக் பிரெயின்’ங்கிற தளத்துல இருந்து எடுத்ததா கீழே போட்டிருக்காங்க. 2017-ல பிபிசி அந்தத் தளம் காட்டின இடங்கள்ல கேட்டப்போ ஆய்வு எதுவும் கிடைக்கலையாம். போன் பத்தி நீங்க சொன்ன மத்த விஷயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இந்த எண்ணை மட்டும்தான் சொல்றேன்.”

‘நீங்க சொன்னது தப்பு’ என்ற வாக்கியம் இதில் எங்கேயும் இல்லை. தவறு நடந்த இடம் அவரிடமிருந்து மூன்று படி தள்ளி இருக்கிறது, அங்கேயே அதை விட்டுவிட்டேன். அவரும் நம்மைப் போல அந்தச் சங்கிலியின் கடைசியில் நின்று படித்தவர்தான்.

அப்புறம் அவர் ஒத்துக்கொள்வாரா?

பெரும்பாலும் முழுசாக மாட்டார். “சரி, அந்த நம்பரை விடுங்க. ஆனா கவனம் குறைஞ்சிருக்குங்கிறது உண்மைதான்” என்று எழுதுவார். நீங்கள் கேட்டது நம்பரைத்தான். அதற்குப் பதில் வந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.